முட்டைத் தட்டில் விரிசல்: 0.53 ஏன் 0.50 ஆகிறது

கேள்வி: 30 முட்டை உள்ள தட்டு ஒன்றின் போட்டோ கொடுத்திருக்கிறார்கள். எண்ணிப் பார்த்தால் 3 முட்டையில் விரிசல். பார்க்காமல் 6 எடுத்தால் ஆறும் நல்லதாக இருக்க வாய்ப்பு எவ்வளவு? பைனாமியல் போட்டேன், 0.53 வந்தது. விடையில் 0.50 என்று இருக்கிறது. எங்கே தப்பு?

பதில்:

0.9-ஐ ஆறு முறை பெருக்கியிருப்பீர்கள். ஒவ்வொரு முட்டையையும் எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பத் தட்டிலேயே வைத்தால்தான் அந்தக் கணக்கு பொருந்தும். இங்கே எடுத்த முட்டை கூடைக்குப் போய்விடுகிறது. முதல் முட்டை நல்லதாக இருக்க வாய்ப்பு 27/30. அது நல்லதாக வந்துவிட்டால் தட்டில் மிச்சம் 29, அதில் நல்லது 26. அடுத்தது 26/29, அதற்கடுத்தது 25/28, இப்படியே ஆறாவதுக்கு 22/25. எல்லாவற்றையும் பெருக்கினால் 0.4985.

விடை ஏன் குறைகிறது என்பதும் இதிலேயே தெரியும். நல்ல முட்டைகள் வெளியே போகப் போக, தொடாமல் கிடக்கும் அந்த மூன்று விரிசல் முட்டைகளின் பங்கு ஏறுகிறது. ஆரம்பத்தில் 30-க்கு 3, அதாவது 10 சதவீதம். ஆறாவது முட்டையை எடுக்கக் கை நீட்டும்போது 25-க்கு 3, 12 சதவீதம். தட்டில் 3000 முட்டையும் அதில் 300 விரிசலும் இருந்திருந்தால் இந்த ஏற்றம் கண்ணுக்கே தெரியாது; உங்கள் பைனாமியலும் கிட்டத்தட்ட அதே விடையைத் தந்திருக்கும்.

கையால் போட எனக்குப் பிடித்த வழி வேறு. போட்டோவில் எந்த ஆறு முட்டையை எடுக்கப் போகிறோமோ அவற்றை முதலில் பேனாவால் வட்டம் போட்டுவிடுங்கள். இப்போது கேள்வியைத் திருப்பிக் கேளுங்கள்: மூன்று விரிசல்களும் வட்டத்துக்கு வெளியே உள்ள 24 முட்டைகளில் போய் உட்கார எத்தனை வழி? 24C3 = 2024. மொத்தமாக 30 இடங்களில் உட்கார 30C3 = 4060. வகுத்தால் அதே 0.4985. 27C6, 30C6 என்று லட்சக்கணக்கான எண்களோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. மற்றவையும் இதே அடியில் வந்துவிடும். வட்டத்துக்குள் ஒரே ஒரு விரிசல் என்றால் 6 × 24C2 = 1656 வழி; இரண்டு என்றால் 15 × 24 = 360; மூன்றும் என்றால் 6C3 = 20. கூட்டினால் சரியாக 4060 வர வேண்டும். வராவிட்டால் எங்கோ எண்ணத் தவறியிருக்கிறீர்கள். எக்செல்லில் சரிபார்க்க:

```
=HYPGEOM.DIST(0,6,3,30,FALSE)
```

ஆனால் உங்கள் கணக்கில் எனக்கு உறுத்துவது சூத்திரம் இல்லை, அந்த "3". போட்டோ மேலிருந்து எடுத்தது. ஒவ்வொரு முட்டையின் கீழ்ப்பாதியும் தட்டின் குழிக்குள் மறைந்திருக்கிறது. பாலிடெக்னிக் மாணவர்களோடு இதையே நிஜத் தட்டு வைத்துச் செய்தோம். போட்டோவில் எல்லோரும் மூன்று என்று எண்ணினார்கள். பிறகு ஒவ்வொன்றாகத் தூக்கி, இருட்டில் செல்போன் டார்ச்சை ஓட்டோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தோம். இரண்டாவது வரிசையில் ஒரு முட்டையின் கூர்முனைப் பக்கம் தலைமுடி போல ஒரு வெளிச்சக் கோடு ஓடியது. ஆக நான்கு. இப்போது விடை 24C4 / 30C4 = 10626 / 27405, அதாவது 0.39. தப்பான சூத்திரம் உங்களுக்குக் கொடுத்த பிழை 0.03. ஒரு விரிசலைத் தவறவிட்டது கொடுத்த பிழை 0.11. பாடக் கணக்கில் 3 என்று கொடுத்தால் 3 என்றே எடுங்கள். நிஜத் தட்டில் போட்டோவில் எண்ணியதை "குறைந்தது 3" என்று மட்டும் படியுங்கள்.

"பார்க்காமல்" என்ற சொல்லையும் விட்டுவிடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அருகிலுள்ள ஓரத்திலிருந்து ஆறு எடுத்தால் இந்தக் கணக்கு செல்லாது, ஏனென்றால் தட்டு இடிபட்ட ஓரத்தில் விரிசல்கள் சேர்ந்தே இருக்கலாம். இங்கேதான் போட்டோ உண்மையிலேயே உதவுகிறது. 5 × 6 கட்டத்தில் இடமிருந்து வலமாக 1 முதல் 30 வரை எண் போடுங்கள், 30 சீட்டு எழுதிக் குலுக்கி ஆறு எடுங்கள், எடுத்த சீட்டைத் திரும்பப் போடாதீர்கள். அப்படி எடுத்தால் விரிசல்கள் ஒரே மூலையில் குவிந்திருந்தாலும் 0.50 மாறாது.