சராசரி 10 சதவீதம், கைக்கு வந்தது 7: கேள்வி பதில்

கேள்வி: நான்கு வருடத்தில் +30, −20, +40, −10 சதவீதம். கூட்டி வகுத்தால் 10 வருகிறது. ஆனால் 100 போட்டது 131 தான் ஆனது. கணக்கில் எங்கே ஓட்டை?

ஓட்டை எதுவும் இல்லை. 1.30 × 0.80 × 1.40 × 0.90 = 1.3104. உங்கள் 131 சரிதான். நீங்கள் எதிர்பார்த்த 146.41 வர, நான்கு வருடமும் ஒரே சீராகப் பத்துப் பத்தாக ஏறியிருக்க வேண்டும். 1.3104-இன் நான்காம் மூலம் ஏறக்குறைய 1.07. ஆக, பணம் வருடத்துக்கு 7 சதவீதம் வளர்ந்திருக்கிறது. இதுதான் பெருக்குச் சராசரி. லாபமும் நஷ்டமும் பணத்தின் மேல் ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு போகின்றன. அவற்றைக் கூட்டி வகுத்தால் பணம் செய்யாத வேலையை நாம் செய்கிறோம். பழைய வருடங்களின் வளர்ச்சியைச் சொல்லக் கூட்டுச் சராசரியைக் காட்டுவது படிப்பவரைத் தவறான இடத்துக்குக் கொண்டுபோகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

கேள்வி: நஷ்டம் எப்போது வந்தது என்பதுதானே காரணம்? ஏறிய பிறகு விழுந்தால் பெரிய தொகையில் அடி. முதலிலேயே விழுந்திருந்தால் தப்பியிருக்கலாம்.

பாதி சரி. அடி எந்தத் தொகையின் மேல் விழுகிறது என்று பார்த்தது நல்ல பார்வை. ஆனால் வரிசையை எப்படி மாற்றினாலும் பெருக்கல் அதே 1.3104 தான். முதலில் விழுந்தால் நஷ்டம் சின்னதாகத் தெரியும். பின்னால் வரும் லாபமும் அந்தச் சின்னத் தொகையின் மேல்தான் கிடைக்கும்.

உண்மையான காரணம் இரண்டே வருடத்தில் தெரிந்துவிடும். சராசரி 10 என்று வைத்து, ஒரு வருடம் அதற்கு 20 மேலே, மறு வருடம் 20 கீழே என்று எடுங்கள்: 1.30 × 0.90 = 1.17. சீராக இருந்தால் 1.10 × 1.10 = 1.21. குறைந்தது 0.04. அது 0.20-இன் வர்க்கம். வித்தியாசத்தை 40 ஆக்கினால் 1.50 × 0.70 = 1.05, குறைவது 0.16. ஏற்ற இறக்கம் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்கு. சராசரி இம்மியும் மாறவில்லை என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: கூட்டுச் சராசரியும் ஏற்ற இறக்கமும் மட்டும் தெரிந்தால் பெருக்குச் சராசரியை மதிப்பிட வழி உண்டா?

உண்டு. வருடங்கள் சராசரியிலிருந்து எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதன் அளவு திட்ட விலக்கம். அதன் வர்க்கத்தில் பாதியைக் கூட்டுச் சராசரியிலிருந்து கழியுங்கள். முதல் கேள்வியின் எண்களுக்கு அந்த வர்க்கம் 0.065, பாதி 3.25 சதவீதம். 10-இல் கழித்தால் 6.75, உண்மை 6.99. தோராயத்துக்குப் போதும். ஊசலாட்டம் பெரிதானால் இது கைவிட்டுவிடும். ஒரு வருடம் +100, மறு வருடம் −100 என்றால் இந்த வழி −50 காட்டும். ஆனால் பணம் முழுவதும் போயிருக்கும்.

கேள்வி: பெருக்குச் சராசரி எடுக்க எக்செல்லில் GEOMEAN போட்டால் #NUM! என்று வருகிறது. என் ஷீட் கெட்டுப்போச்சா?

இல்லை. நஷ்ட வருடத்தை −0.20 என்று அப்படியே கொடுத்திருப்பீர்கள். எதிர்ம எண்ணையும் பூஜ்யத்தையும் அது ஏற்காது. ஒவ்வொன்றோடும் 1 சேர்த்து 0.80, 1.30 என்று கொடுத்து, விடையில் 1-ஐக் கழியுங்கள்.

கேள்வி: நான் மாதாமாதம் போடுகிறேன். ஃபண்டு 7 என்கிறது, எனக்கு 9 வந்திருக்கிறது. பெருக்குச் சராசரியே தப்போ?

அது வேறு கேள்வி. 7 என்பது முதல் நாளில் மொத்தமாகப் போட்ட பணத்தின் வளர்ச்சி. உங்கள் பணம் பல தேதிகளில் உள்ளே போயிருக்கிறது, அதனால் இங்கே வரிசை முக்கியமாகிவிடுகிறது. விலை தாழ்ந்திருந்தபோது அதிகம் சேர்ந்திருந்தால் 9 வரலாம், எதிர்மாறாக 5-ம் வரலாம். பணம் போன தேதிகளையும் சேர்த்து வருட வளர்ச்சியைக் கணக்கிடும் XIRR எக்செல்லில் உண்டு, அதைப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி: புள்ளியியல் கற்பிக்கிறேன். எதிர்பார்ப்பு மதிப்பு கூட்டுச் சராசரியில்தான் பெருகுகிறது. "ஏற்ற இறக்கம் லாபத்தைத் தின்கிறது" என்பது மிகை அல்லவா?

உங்கள் ஆட்சேபணை நியாயமானது. நாணயம் சுண்டி +50 அல்லது −40 என்று இரண்டு வருடம் ஓடவிட்டால், 100 போட்டவருக்கு நான்கு முடிவுகள்: 225, 90, 90, 36. இவற்றின் சராசரி 110.25, அதாவது 1.05-இன் வர்க்கம். கூட்டுச் சராசரி 5 சதவீதம் அப்படியே நிற்கிறது. ஆனால் நடுவில் நிற்பவருக்கு 90 தான். அது வருடத்துக்கு 5 சதவீதத்துக்குச் சற்று மேலான நஷ்டம், பெருக்குச் சராசரி சொல்வதும் அதையே. நால்வரில் மூவர் போட்டதைவிடக் குறைவாக எடுக்கிறார்கள். சராசரியைத் தூக்கி நிறுத்துவது அந்த ஒரு 225.

அதனால் நடந்து முடிந்ததைச் சொல்லப் பெருக்குச் சராசரி, அடுத்த ஒரு வருடத்தின் எதிர்பார்ப்புக்குக் கூட்டுச் சராசரி என்று நான் வைத்திருக்கிறேன். இருபது வருடம் கழித்து எவ்வளவு என்று கேட்டால் சிக்கல். நம் கையில் இருக்கும் கூட்டுச் சராசரியே சில பழைய வருடங்களிலிருந்து எடுத்த மதிப்பீடு. அதிலுள்ள பிழையும் சேர்ந்து பெருகி முடிவை ஊதிவிடும். இரண்டுக்கும் நடுவே ஒரு எண்ணை எடுப்பவர்கள் உண்டு. எவ்வளவு நடுவே என்பதில் இன்னும் ஒத்த கருத்து இல்லை. நான் நடுவில் நிற்பவரின் 90-ஐப் பார்த்தே திட்டமிடுவேன், நீங்கள் வேறு மாதிரி எடை போடலாம்.