650,000 வெள்ளி வீட்டுக்கு எதில் 75 சதவீதம்?

வங்கியில் கடன் பிரிவில் இருந்த காலத்திலிருந்தே என்னிடம் அதிகம் கேட்கப்படுவது, "எவ்வளவு சதவீதம் கிடைக்கும்?" என்பதுதான். "எதன் மேல் அந்தச் சதவீதம்?" என்று யாரும் கேட்பதில்லை. இந்த முறை வந்த கடிதங்களில் பாதி அதைச் சுற்றியே இருந்தன.

சிங்கப்பூர் யீஷூனில் ஒரு மறுவிற்பனை வீடு, 650,000 வெள்ளிக்குப் பேசி முடித்து, அதை வாங்கும் உரிமை தரும் ஆப்ஷன் வாங்கிவிட்டோம். வங்கி 75 சதவீதம் தரும் என்று கணக்குப் போட்டு 487,500 வெள்ளி வரும் என நம்பியிருந்தோம். இப்போது அவ்வளவு வராது என்கிறார்கள். ஏன்?

வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், வீட்டுக்குப் போட்ட மதிப்பு எவ்வளவு வந்தது என்று நீங்கள் கடிதத்தின் கடைசியில்தான் எழுதியிருக்கிறீர்கள்: 620,000. பதில் அங்கேயே இருக்கிறது. விலை, மதிப்பு இரண்டில் எது குறைவோ அதன் மேல்தான் 75 சதவீதம். ஆக உங்களுக்கு 465,000 வெள்ளிதான் வரும். மீதி 185,000 உங்கள் கையிலிருந்து போக வேண்டும்.

அந்த 185,000ஐ மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். விலைக்கும் மதிப்புக்கும் நடுவே உள்ள 30,000 முழுக்க ரொக்கம். சிஓவி என்று ஏஜெண்டுகள் சொல்வது இதைத்தான். இதற்கு மசேநிதியையும், அதாவது மத்திய சேமநிதியையும், தொட முடியாது, கடனும் கிடைக்காது. அடுத்து, வங்கிக் கடன் என்பதால் மதிப்பில் 5 சதவீதம், அதாவது 31,000, கட்டாயம் ரொக்கமாக இருக்க வேண்டும். மிச்சம் 124,000ஐ மசேநிதி சாதாரணக் கணக்கிலிருந்து கட்டலாம். கைப்பணம் மட்டும் 61,000 தேவை. ஆப்ஷனுக்கும் அதை உறுதிசெய்யும்போதும் விற்பவருக்குக் கொடுக்கும் தொகை (இரண்டும் சேர்ந்து 5,000க்கு மேல் போகக் கூடாது) இந்த ரொக்கத்திலேயே கழிந்துவிடும். முத்திரை வரியும் வழக்கறிஞர் செலவும் தனி.

இதில் ஒரு சங்கடம் உண்டு. 2014 மார்ச்சிலிருந்து, விலை பேசி ஆப்ஷன் வாங்கிய பிறகுதான் வீவகவிடம் மதிப்பு கேட்க முடியும். கேட்பதும் ஆப்ஷன் வாங்கிய மறு வேலைநாளுக்குள் நடக்க வேண்டும். அதனால் முன்கூட்டியே மதிப்புத் தெரியாது. நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: அதே புளோக்கிலும் பக்கத்துப் புளோக்கிலும் சமீபத்தில் விற்ற விலைகளை வீவக இணையத்தளத்தில் பார்த்து, பேசிய விலை அவற்றைவிட எவ்வளவு தாண்டுகிறது என்று கவனிப்பது. எல்லாரும் 610, 620 ஆயிரத்துக்கு வாங்கிய மாடியில் நீங்கள் மட்டும் 650க்குப் பேசினால், வித்தியாசம் உங்கள் தலையில்தான் விழும். மதிப்பு குறைந்து வந்து கையில் ரொக்கமும் இல்லையென்றால், 21 நாளுக்குள் உறுதிசெய்யாமல் விட்டுவிடலாம். ஆப்ஷன் தொகை போகும். அது அதிகபட்சம் 1,000 வெள்ளி. அதோடு நிற்பது பல நேரம் நல்லது.

அதே வீட்டுக்கு வீவக கடன் எடுத்தால்?

2024 ஆகஸ்ட் 20 முதல் வீவக கடனுக்கும் வரம்பு 75 சதவீதம்தான் (அதற்கு முன் 80). கடன் தொகையில் வித்தியாசம் இல்லை. ஆனால் 5 சதவீத ரொக்கக் கட்டாயம் அங்கே இல்லை. மசேநிதியில் 155,000 இருந்தால், உங்களுக்கு ரொக்கத் தேவை சிஓவி 30,000 மட்டும்தான். வட்டி விகிதத்தை மட்டும் ஒப்பிட்டுப் பார்ப்பவர்கள் இந்த 31,000ஐக் கவனிப்பதில்லை. நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

எனக்கு 46 வயது, மனைவிக்கு 36. மாதத் தவணை குறையட்டும் என்று 25 ஆண்டுக்குக் கேட்டோம். வங்கி 55 சதவீதம்தான் தரும் என்கிறது. வயதைக் காட்டி ஏமாற்றுகிறார்களா?

இல்லை, அது நாணய ஆணையத்தின் விதி. கடன் காலம் 65 வயதைத் தாண்டினாலோ, வீவக வீட்டுக்கு 25 ஆண்டை மீறினாலோ வரம்பு 75லிருந்து 55க்கு இறங்கும். கட்டாய ரொக்கமும் 5லிருந்து 10 சதவீதமாக ஏறும். 620,000 மதிப்பில் அது 341,000 கடன், 62,000 ரொக்கம்.

ஆனால் இருவர் சேர்ந்து வாங்கினால் மூத்தவர் வயதைப் பார்ப்பதில்லை. வருமானத்தை வைத்துச் சராசரி எடுப்பார்கள். நீங்கள் 7,000, மனைவி 5,000 சம்பாதிப்பதாக எழுதியிருக்கிறீர்கள். 46ஐ 7,000ஆலும் 36ஐ 5,000ஆலும் பெருக்கிக் கூட்டி, 12,000ஆல் வகுத்தால் 41.8 வரும். 65 வரை 23 ஆண்டு இருக்கிறது. 25 கேட்டதால்தான் விழுந்தது; 23ஆகக் குறைத்துக் கேளுங்கள், 75 சதவீதம் திரும்ப வரும். தவணை கொஞ்சம் ஏறும், ஆனால் ஒரு லட்சத்துக்கு மேல் முன்பணம் மிச்சம்.

குறையும் ரொக்கத்துக்கு வீட்டு நகையைத் தேக்காவில் அடகு வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கணக்குத் தெரிந்து வையுங்கள். அடகுக்கடை வட்டி மாதம் 1.5 சதவீதம் வரை போகலாம். 61,000க்கு அது மாதம் 915 வெள்ளி. ஆறு மாதத்தில் 5,490. வீட்டுத் தவணை ஓடத் தொடங்கிய பிறகு இதை மீட்பது கடினம்.

இங்கும் "எதன் மேல்" என்பதே கேள்வி. நகைக்கடை ரசீதில் உள்ள செய்கூலியும் ஜிஎஸ்டியும் தராசில் ஏறாது. எடை, தரம், அன்றைய தங்க விலை, இவ்வளவுதான் எடுபடும்.

அம்மா தஞ்சாவூரில் 10 பவுன் வைத்து வங்கியில் கடன் எடுக்கப் போகிறார். எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

இந்திய ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் புது விதி கொண்டுவந்தது. வங்கிகள் அதற்கு மாற 2026 ஏப்ரல் 1 வரை அவகாசம் தரப்பட்டது. கடன் இரண்டரை லட்சம் வரை என்றால் நகை மதிப்பில் 85 சதவீதம், ஐந்து லட்சம் வரை 80, அதற்கு மேல் 75.

10 பவுன் என்பது 80 கிராம். கல், அரக்கு கழித்து 74 கிராம் தேறுகிறது என்று வைத்துக்கொள்வோம். கணக்கு எளிதாக இருக்க கிராம் 10,000 ரூபாய் என்றால் மதிப்பு 7.4 லட்சம், அதில் 75 சதவீதம் 5.55 லட்சம். அம்மா ஒரு வருடம் கழித்து அசலும் வட்டியும் மொத்தமாகக் கட்டும் திட்டத்தில் எடுத்தால் இது குறையும். அந்த வகைக் கடனில், கடைசியில் கட்ட வேண்டிய தொகைதான் 75 சதவீதத்துக்குள் அடங்க வேண்டும். 9 சதவீத வட்டி என்றால் கையில் கிடைப்பது சுமார் 5.09 லட்சம். "போன முறை அதிகம் கொடுத்தீர்களே" என்று அவர் கவுண்டரில் சண்டை போடாமல் இருக்க, கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள்.

மதிப்புப் போடும் விலையும் அன்றைய கடை விலை அல்ல. முந்தைய நாள் முடிவு விலை, கடந்த 30 நாள் சராசரி, இரண்டில் குறைந்தது. விலை வேகமாக ஏறும் காலத்தில் சராசரி பின்தங்கியே இருக்கும்.

திருச்சியில் 60 லட்சத்துக்கு வீடு. பத்திரத்தில் 45 லட்சம் போட்டால் செலவு குறையும் என்கிறார் விற்பவர்.

வங்கி பத்திரத் தொகையைத்தான் பார்க்கும். 30 முதல் 75 லட்சம் வரையிலான கடனுக்கு அங்கே வரம்பு 80 சதவீதம். 60க்கு 48 லட்சம் வரும், 45க்கு 36தான். பத்திரச் செலவில் மிச்சம் பிடிக்கப் போய் 12 லட்சம் கடனை இழப்பீர்கள், கணக்கில் காட்டாத 15 லட்சத்தையும் ரொக்கமாகத் தேட வேண்டும். சட்டச் சிக்கல் வேறு. முழுத் தொகைக்கே பதியச் சொல்லுங்கள்.