கண்காட்சி முடிந்த மறுநாள் எழுதும் மெயில்: கேள்வி பதில்

பதினாறு வருடமாக ஸ்டால் போடுகிறேன். முதல் சில வருடங்கள் எல்லோரையும் போல "வருகைக்கு நன்றி" மெயில் அனுப்பி, பதிலுக்குக் காத்திருந்தவள்தான். வந்த கேள்விகளில், ஸ்டாலுக்கு வந்து போனவர்களுக்கு எழுதும் ஃபாலோ அப் மெயிலைச் சுற்றி வந்தவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அக்கா, விற்பனைக்கு வந்து நாலு மாதம் ஆகிறது. மூன்று நாள் கண்காட்சியில் 140 கார்டு சேர்ந்திருக்கிறது. மேனேஜர் இன்றைக்கே எல்லோருக்கும் ஒரு மெயில் தட்டிவிடு என்கிறார். தட்டிவிடட்டுமா?

தட்டிவிடாதே தம்பி. முதலில் கார்டுகளை மேசையில் பரப்பு. "இவர் என்ன சொன்னார்?" என்று ஒவ்வொன்றுக்கும் உன்னையே கேட்டுக்கொள். ஒரு வாக்கியமாவது நினைவுக்கு வருகிற கார்டு ஒரு பக்கம், முகம் மட்டும் நினைவிருப்பது இன்னொரு பக்கம், பேனா வாங்கிக்கொண்டு போனவர்கள் மூன்றாவது பக்கம். முதல் குவியலில் இருபதோ இருபத்தைந்தோ தேறினாலே நல்ல அறுவடை. அவர்களுக்கு ஒவ்வொன்றாக, கையால் எழுது. இரண்டாவது குவியலுக்கு வேறு மாதிரி எழுத வேண்டும், கீழே ஒருவர் அதையே கேட்டிருக்கிறார். மூன்றாவது குவியலுக்கு இப்போது எதுவும் வேண்டாம். கார்டு கொடுத்தார் என்பதற்காக மாதாமாதம் செய்திமடல் அனுப்பச் சம்மதித்துவிட்டார் என்று ஆகாது.

அடுத்த முறை ஆள் ஸ்டாலைத் தாண்டியதும் கார்டின் பின்பக்கம் மூன்று வார்த்தை கிறுக்கிவிடு. மெயிலில் பாதியை அங்கேயே எழுதி முடித்த மாதிரி.

மேடம், நாங்கள் லேபிள் தயாரிக்கிறோம். கண்காட்சியில் ஒருவர் அரை மணி நேரம் நின்று பேசினார், குளிரறையில் வைக்கும் பாட்டில்களில் லேபிள் உரிகிறதாம். மறுநாளே எழுதினேன், பதில் இல்லை. என் மெயிலைக் கீழே ஒட்டியிருக்கிறேன், எங்கே தப்பு?

*"மதிப்பிற்குரிய ஐயா, எங்கள் அரங்கிற்கு வருகை தந்தமைக்கு மனமார்ந்த நன்றி. லேபிள் துறையில் நீண்ட அனுபவம் கொண்ட எங்கள் நிறுவனம் அனைத்து வகை லேபிள்களையும் தரமாகத் தயாரித்து வழங்குகிறது. காட்டலாக் இணைத்துள்ளோம். விலைப்பட்டியல், சாம்பிள், நேரடிச் சந்திப்பு, ஆலை வருகை எதுவாயினும் தொடர்பு கொள்ளவும்."*

இலக்கணத்தில் தப்பில்லை. ஆனால் அரை மணி நேரம் பேசியவருக்கும் வாசலில் எட்டிப் பார்த்தவருக்கும் இதையே அனுப்பலாம். அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட இதில் இல்லையே. போதாததற்கு கடைசி வரியில் நாலு கதவைத் திறந்து வைத்திருக்கிறீர்கள். சாம்பிளா, சந்திப்பா என்று அவர் யோசிக்க வேண்டும். யோசிக்க வைக்கும் மெயிலை "அப்புறம் பார்க்கலாம்" என்று ஒதுக்குவார்கள், அதோடு அது போச்சு.

என்ன பேசினீர்கள் என்று உங்களிடம் தனியாக விசாரித்தேன் அல்லவா? அதை வைத்து நான் எழுதினால் இப்படி வரும்:

*சப்ஜெக்ட்: குளிர்ந்த பாட்டிலில் லேபிள் ஒட்டும் சோதனை – 6 காலி பாட்டில்*

*"வணக்கம் சார். புதன்கிழமை மதியம் எங்கள் ஸ்டாலில் ஒட்டும் மெஷின் பக்கத்தில் நின்று பேசினோம். 4 டிகிரி அறையிலிருந்து வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் லேபிளின் ஓரம் எழும்புகிறது, பசையை இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை என்றீர்கள். ஒட்டும் நேரத்தில் பாட்டில் உலர்ந்திருக்கிறதா என்று கேட்டேன், பார்த்துச் சொல்கிறேன் என்றீர்கள்.*

*6 காலி பாட்டில் கொடுத்தால், மூன்றை உலர்ந்த நிலையிலும் மூன்றைக் குளிர்ந்து வியர்த்த நிலையிலும் ஒட்டி, ஒரு வாரம் 4 டிகிரியில் வைத்துப் பார்த்துவிட்டு, படங்களோடு எழுதுகிறேன். கட்டணம் கிடையாது.*

*சரி என்று ஒரு வார்த்தை பதில் போட்டால் பாட்டிலை எடுத்துக்கொள்ள ஆள் அனுப்புகிறேன்."*

நன்றியில் தொடங்கவில்லை, கவனித்தீர்களா? நாள், நின்ற இடம், அவர் வாயால் சொன்ன குறை, நீங்கள் கேட்ட கேள்வி. இந்த நான்கும் வந்தால் ஆள் யார் என்று அவருக்கு ஞாபகம் வந்துவிடும். அன்று அவர் முப்பது ஸ்டால் பார்த்திருப்பார், உங்கள் பெயர் மனசில் நின்றிருக்காது. தன் பாட்டிலைப் பற்றி ஒருவர் விவரமாகக் கேட்டது நின்றிருக்கும்.

அடுத்த படியை எதற்காக பாட்டிலாக வைத்தேன் என்றால், குறையின் காரணம் இன்னும் உங்கள் இருவருக்குமே தெரியாது. பசை 4 டிகிரியைத் தாங்குவது வேறு, ஈரம் படிந்த கண்ணாடியில் முதலில் ஒட்டிக்கொள்வது வேறு. ஒட்டும்போதே பாட்டில் வியர்த்திருந்தால், ஈரத்தில் ஒட்டாத ஒரு பசைக்குப் பதில் அதே மாதிரி இன்னொன்றை மாற்றினாலும் ஓரம் எழும்பத்தான் செய்யும். அதனால் இப்போது விலைப்பட்டியல் அனுப்பினால் அது வெறும் ஊகம். சந்திப்பு கேட்டால் அவருடைய அரை நாள் போகும். பாட்டில் கொடுப்பது அவருக்கு ஐந்து நிமிட வேலை, முடிவு இருவருக்கும் பயன்.

ஒரு எச்சரிக்கை. இதை அனுப்புவதற்கு முன்னால் உங்கள் சோதனைக்கூடத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு வாரம் என்று எழுதிவிட்டு மூன்று வாரம் இழுத்தால், எழுதாமலே இருந்திருக்கலாம்.

24 மணி நேரத்துக்குள் அனுப்பாவிட்டால் எல்லாம் வீண். சப்ஜெக்டில் கம்பெனி பெயர் கட்டாயம் முதலில் வர வேண்டும். இரண்டும் அனுபவ உண்மை, நீங்கள் ஏன் சொல்வதில்லை?

பாதி சரி சார். சீக்கிரம் எழுத வேண்டும் என்பது உண்மை. ஆனால் அந்த அவசரம் அவருடைய நினைவைவிட உங்கள் நினைவுக்குத்தான் அதிகம் தேவை. கடைசி நாள் ராத்திரி அனுப்பினால் அவர் இன்னும் பயணத்தில் இருப்பார், திரும்பி வந்து திறக்கும்போது அடியில் கிடக்கும். நான் கண்காட்சி முடிந்த மறுநாளே வரைவை எழுதி வைத்துவிடுவேன், அவர் ஆபீஸுக்குத் திரும்பிய இரண்டாவது நாள் காலை அனுப்புவேன். அவரே "நாளைக்கே அனுப்புங்கள்" என்று கேட்டிருந்தால் மட்டும் நாளைக்கே.

கம்பெனி பெயர்தான் அனுப்புநர் இடத்தில் தெரிகிறதே. போனில் சப்ஜெக்ட் வரியின் முதல் சில வார்த்தைகள்தான் தெரியும். அந்த இடத்தை அவருடைய விஷயத்துக்கு விட்டுக்கொடுங்கள்.

பேசியது சுத்தமாக மறந்துவிட்டது, கார்டு மட்டும் இருக்கிறது. "நம் இனிய உரையாடலை மறக்க முடியாது" என்று பொதுவாக எழுதினால் கண்டுபிடிப்பார்களா?

கண்டுபிடிப்பார்கள். நானே ஒருமுறை இப்படிப் பூசி மெழுகி எழுதி, "எந்த உரையாடல்?" என்று ஒற்றை வரியில் பதில் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு ஸ்டாலில் என்னோடு நின்ற பையனிடம்தான் அவர் பேசியிருக்கிறார்.

முதலில் கூட நின்றவர்களைக் கேளுங்கள். அப்படியும் கிடைக்காவிட்டால் உண்மையை எழுதுங்கள்: "அன்று கூட்டத்தில் உங்கள் தேவையைக் குறித்துக்கொள்ளாமல் விட்டுவிட்டேன். எந்தப் பொருளுக்காக எங்கள் பக்கம் வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதினால், அது சம்பந்தமானதை மட்டும் அனுப்புகிறேன்." இதுவும் ஒரே ஒரு அடுத்த படிதான். பதில் குறைவாகத்தான் வரும், ஆனால் வருகிற பதிலில் விஷயம் இருக்கும்.

நான் வாங்கும் பக்கம் இருக்கிறேன், கொள்முதல் துறை. கண்காட்சி முடிந்த வாரம் இப்படிப்பட்ட மெயில்கள் குவியும். நல்ல மெயிலை நான் வைத்துக்கொள்வதில்லை, ஆலையில் சம்பந்தப்பட்டவருக்கு ஃபார்வர்டு செய்துவிடுவேன். அங்கே ஒரு சிக்கல்: நான் ஸ்டாலில் வாய்விட்டுச் சொன்ன எங்கள் ஆலையின் குறை அப்படியே எழுத்தில் வந்தால், அதை மேலே அனுப்ப எனக்குக் கூச்சமாக இருக்கிறது. யோசித்தீர்களா?

நீங்கள் சொல்வதில் பாதியைத்தான் நான் யோசித்திருந்தேன், மேடம். சப்ஜெக்டில் "உரிகிறது" என்று போடாமல் "ஒட்டும் சோதனை" என்று போட்டது அதற்காகத்தான். நாலு கை மாறும் வரி அது. ஆனால் மெயிலுக்கு உள்ளே "பசையை இரண்டு முறை மாற்றியும் சரியாகவில்லை" என்று எழுதிவிட்டேன். பசையை மாற்றியவரே அதைப் படிக்க நேர்ந்தால் முகம் சுளிப்பார்.

அந்த வரியை "இதுவரை வேறு இரண்டு பசைகள் பார்த்தாயிற்று என்றீர்கள்" என்று மாற்றலாம். ரொம்பவும் மழுப்பினால் சொன்னதைக் கவனித்துக் கேட்டோம் என்பதற்கான அடையாளமே போய்விடும். எங்கே நிறுத்துவது என்பது ஆளைப் பொறுத்தது, எனக்கே இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. ஒன்று மட்டும் உறுதி: இந்த மெயிலில் வேறு யாரையும் சி.சி.யில் சேர்க்க மாட்டேன். யாருக்குக் காட்டுவது என்பது அவர் விருப்பம்.

நான் ஐ.டி. பக்கம். காட்டலாக்கைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே? எங்கள் விற்பனைக் குழு 18 எம்.பி. கோப்பை இணைத்து, 90 பேரை பி.சி.சி.யில் போட்டு அனுப்பிவிட்டு "யாருமே பதில் போடவில்லை" என்கிறது. இணைப்பு மெயிலில் போகும்போது அதன் அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கூடும், அதனால் ஜிமெயிலின் 25 எம்.பி. எல்லையை ஒட்டிவிடுகிறது. பல அலுவலகச் சர்வர்கள் அதற்கு வெகு முன்பே மறுத்துவிடும்.

இதற்கு என் பதில் தேவையே இல்லை, நீங்களே சொல்லிவிட்டீர்கள். என் பங்குக்கு ஒன்று: முதல் மெயிலில் நான் எதையும் இணைப்பதில்லை. அவர் குறிப்பிட்டுக் கேட்ட ஒரு பக்கம் இருந்தால் அந்த ஒரு பக்கம் மட்டும். மறுப்பு மெயில்கள் வந்தனவா என்று அந்தக் குழுவின் இன்பாக்ஸைப் பாருங்கள், எனக்கென்னவோ அங்கே ஒரு குவியல் இருக்கும் என்று தோன்றுகிறது.

அக்கா, எங்கள் ஸ்டாலுக்கு யாருமே வரவில்லை. பேனர் சரியில்லையோ? ஃபாலோ அப் மெயிலில் பேனர் படத்தைப் போடலாமா?

வராதவருக்கு ஃபாலோ அப் கிடையாதே தம்பி, அது முதல் அறிமுக மெயில். பேனர் கதையை இன்னொரு நாள் பேசலாம். படம் மட்டும் வேண்டாம்.

அடுத்த படியாக போன் பேச நேரம் கேட்டால், காலண்டர் லிங்க் கொடுப்பது நல்லதா, இரண்டு நேரத்தை நாமே சொல்வது நல்லதா?

நான் இரண்டு நேரம் சொல்வேன்: "வியாழன் காலை 11 மணி, இல்லாவிட்டால் வெள்ளி மாலை 4 மணி, 15 நிமிடம்." லிங்க் கொடுத்தால் 'நீயே வந்து வரிசையில் நில்' என்கிற தொனி வருகிறது என்பது என் எண்ணம். என்னோடு வேலை பார்க்கும் இளையவர் நேர்மாறாகச் சொல்கிறார். வேறு வேறு நாடுகளில் இருப்பவர்களுக்கு லிங்க் நேரக் குழப்பத்தைத் தவிர்க்கிறது என்கிறார், அதிலும் நியாயம் இருக்கிறது. எப்படியானாலும் இரண்டையும் ஒரே மெயிலில் போடாதீர்கள்.

மேடம், லேபிள்காரன் மறுபடியும். நீங்கள் எழுதியதை, பசை வரியை மாற்றி அனுப்பினேன். ஆறு நாள் ஆகிறது, இன்னும் பதில் இல்லை. திரும்ப எழுதலாமா, விட்டுவிடலாமா?

ஒருமுறை எழுதுங்கள். புது மெயில் வேண்டாம், அதே மெயிலுக்குக் கீழேயே பதிலாக. "என் மெயில் கிடைத்ததா" என்று கேட்காதீர்கள், அது கடன் வசூல் மாதிரி இருக்கும். உங்களிடம் இருக்கிற ஏதாவதொரு பாட்டிலைக் குளிரவைத்து, வியர்த்த நிலையில் லேபிள் ஒட்டி, இரண்டு நாள் கழித்து ஓரத்தைக் கிட்டத்தில் படமெடுங்கள். "உங்கள் பாட்டில் இல்லை, எங்களிடம் இருந்தது. ஓரம் இப்படித்தான் எழும்புகிறதா?" என்ற ஒரு கேள்வியோடு அனுப்புங்கள். அதற்கும் சத்தமில்லை என்றால் நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தக் கார்டை மட்டும் தூக்கிப் போட வேண்டாம், அடுத்த கண்காட்சியில் அவர் ஸ்டாலுக்கு வந்தால் பேச்சை அந்தப் பாட்டிலிலிருந்தே தொடங்கலாம்.