3 காலியாக இருந்தும் 2 தர மறுப்பது ஏன்?

கேள்வி: "ஒரு ரிசோர்ஸில் மொத்தம் 10 யூனிட், 3 காலியாக இருக்கிறது. P3 என்ற பிராசஸ் கேட்பது வெறும் 2. பேங்கர்ஸ் அல்காரிதம் போட்டுப் பார்த்தால் கொடுக்கக் கூடாது என்று வருகிறது. P1 வைத்திருப்பது 3, அதிகபட்சம் 7. P2 வைத்திருப்பது 2, அதிகபட்சம் 4. P3 வைத்திருப்பது 2, அதிகபட்சம் 9. எங்கே தப்பு?"

தப்பு இல்லை, விடை சரிதான். காலியாக இருப்பது போதுமா என்பது முதல் சோதனை மட்டும். கொடுத்த பிறகு மிச்சமிருப்பதை வைத்து எல்லாரையும் ஏதாவது ஒரு வரிசையில் முடித்து வைக்க முடியுமா என்பதுதான் அசல் கேள்வி.

கொடுத்துவிட்டதாகவே கணக்குப் போடுங்கள். P3 கையில் 4, காலி 1. இனி ஒவ்வொன்றுக்கும் அதிகபட்சத்தில் இன்னும் பாக்கி எவ்வளவு? P1-க்கு 4, P2-க்கு 2, P3-க்கு 5. காலியாக இருக்கும் 1 யாருக்கும் பத்தாது, முதல் ஆளே கிடைக்கவில்லை, ஆகவே பாதுகாப்பற்ற நிலை. போட்ட கணக்கை அப்படியே பழையபடி மாற்றிவிட்டு P3-ஐக் காத்திருக்கச் சொல்ல வேண்டியதுதான்.

அதே 2-ஐ P2 கேட்டிருந்தால்? காலி 1 ஆகும், ஆனால் P2-க்குப் பாக்கி எதுவும் இல்லை. அது முடிந்து தன் 4-ஐயும் திருப்பித் தந்தால் காலி 5, P1-க்கு வேண்டிய 4 கிடைத்துவிடும், அது முடிந்ததும் காலி 8, P3-க்கு வேண்டியது 7. எல்லாம் முடிந்தது. ஆக எவ்வளவு கேட்கிறது என்பதைவிட யார் கேட்கிறது என்பதே இங்கே முடிவைத் தீர்மானிக்கிறது.

புரோகிராம் எழுதும்போது பலர் சறுக்கும் இடம், ஒரு பிராசஸ் முடிந்ததாகக் கொள்ளும்போது எதைக் கூட்டுவது என்பது. பாக்கியை அல்ல, அது ஏற்கெனவே வைத்திருப்பதைத்தான் காலிக் கணக்கான `Work`-உடன் கூட்ட வேண்டும்:

```
Work = Work + Allocation[i]
```

ஒரே நேரத்தில் இரண்டு பேர் முடிக்கக்கூடியவர்களாக இருந்தால் யாரை முதலில் எடுப்பது என்று குழம்ப வேண்டாம், யாரை எடுத்தாலும் `Work` குறையப் போவதில்லை, பின்னால் திரும்பி வந்து வேறு வரிசை தேட வேண்டிய தேவையே வராது.

பாதுகாப்பற்ற நிலை என்றால் டெட்லாக் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. P1 தன் 7 முழுவதையும் கேட்காமலே முடிந்துவிடலாம். அல்காரிதம் அந்த அதிர்ஷ்டத்தை நம்பாது, அவ்வளவுதான். அதனால்தான் இது கொஞ்சம் கஞ்சத்தனமாக நடந்துகொள்கிறது.

அப்புறம், P3-ஐ எப்போது எழுப்புவது? P2 முடிந்து தன் 2-ஐத் தந்தால் காலி 5, இப்போது தாராளம் என்று தோன்றும். ஆனால் 2-ஐக் கொடுத்தால் காலி 3, P1-க்கு 4 வேண்டும், P3-க்கு 5 வேண்டும், மறுபடியும் சிக்கல். யாராவது விடுவிக்கும்போதெல்லாம் காத்திருப்பவருக்குச் சோதனையை முதலிலிருந்து ஓட்டுங்கள்; P1 முடிந்தால்தான் P3-க்கு வழி பிறக்கும்.