மாளவ்ய யோகம் இருந்தால் போதுமா?

கேள்வி: என் மகளுக்கு 27 வயது. கன்னி லக்னம், ஹஸ்த நட்சத்திரம், ஏழாம் இடத்தில் சுக்கிரன் உச்சம். எங்கள் ஊர் ஜோசியர், "மாளவ்ய யோகம், ராணி மாதிரி வாழ்வாள், பொருத்தம்கூட ரொம்பப் பார்க்க வேண்டாம்" என்கிறார். இன்னொருவர், "ஏழில் சுக்கிரன் இருந்தால் கல்யாண வாழ்க்கை கெடும், பரிகாரம் பண்ணுங்கள்" என்கிறார். ஜாதக நகல் அனுப்பியிருக்கிறேன். யார் சொல்வதை நம்ப?
— ஒரு தாய், கும்பகோணம்

பதில்: இரண்டு பேரும் ஒரே கிரகத்தைப் பார்த்துவிட்டுப் பாதியில் எழுந்து போயிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் யோகம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. சுக்கிரன் ரிஷபம், துலாம், மீனம் இந்த மூன்றில் ஒன்றில் இருந்து, அது லக்னத்துக்கு 1, 4, 7, 10 ஆகிய கேந்திரமாக அமைந்தால் மாளவ்ய யோகம். உங்கள் மகளுக்கு மீனம் ஏழாம் இடம், ஆகவே விதிப்படி சரி. ஆனால் இது எவ்வளவு அபூர்வம் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். சுக்கிரன் மீனத்தில் இருக்கும் நாட்களில் மிதுனம், கன்னி, தனுசு, மீனம் ஆகிய நான்கு லக்னங்களில் பிறக்கும் எல்லாக் குழந்தைக்கும் இந்த யோகம் உண்டு, அதாவது தினமும் ஏறக்குறைய எட்டு மணி நேரம். மூன்று ராசிகளையும் சேர்த்தால் சுமாராகப் பன்னிரண்டு பேரில் ஒருவருக்கு வரும். கஜகேசரி யோகம் இன்னும் தாராளம், சந்திரனுக்குக் கேந்திரத்தில் குரு இருந்தால் போதும் என்பதால் மூன்றில் ஒருவருக்கு அது இருக்கும். இவ்வளவு பேருக்கும் கல்யாண வாழ்க்கை ஒரே மாதிரி இனிக்கிறதா என்று நம் தெருவில் நாலு வீட்டைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அப்புறம், பலதீபிகை என்ற ஜோதிட நூல் மாளவ்யத்துக்குச் சொல்லும் பலனே ஒரு பெரிய பட்டியல்: திடமான உடல், செல்வம், வாகனம், புகழ், கல்வி, இவற்றோடு குடும்ப சுகமும் ஒன்று. அந்த ஒன்றை மட்டும் பிடுங்கி "ராணி" ஆக்கியது உங்கள் ஊர்க்காரர்.

இப்போது நீங்கள் அனுப்பிய கட்டத்துக்கு வருவோம். பங்குனியில் சூரியன் மறையும் நேரத்துப் பிறப்பு, அதனால் சூரியனும் மீனத்தில்தான். சுக்கிரன் 8 பாகையில், சூரியன் 10 பாகையில். சூரியனுக்குப் பத்து பாகைக்குள் வந்தால் சுக்கிரன் அஸ்தங்கம் என்பது பொது விதி, இங்கே இடைவெளி இரண்டே பாகை. உச்சம் உச்சம்தான், ஆனால் வெளிச்சம் இல்லாத உச்சம். அடுத்து, ஒவ்வொரு ராசியையும் ஒன்பதாகப் பிரித்துப் போடும் நவாம்சம். கல்யாணம் பற்றிப் பேசும்போது நவாம்சத்தைத் திறக்காமல் பலன் சொன்னவர் யாராக இருந்தாலும் எனக்கு அங்கேயே சந்தேகம் வந்துவிடும். மீனத்தில் 8 பாகை என்றால் உத்திரட்டாதி இரண்டாம் பாதம், நவாம்சத்தில் கன்னி. சுக்கிரனுக்குக் கன்னி நீச வீடு. ராசியில் உச்சம், அம்சத்தில் நீசம்!

இதைப் படித்துப் பதற வேண்டாம், ஏனென்றால் பயமுறுத்துபவர்களும் இதே தவறைத்தான் செய்கிறார்கள். ஏழுக்கு உடைய குரு மகரத்தில் நீசம் என்று உங்களிடம் யாராவது நாளைக்குச் சொல்வார்கள். அது நிஜம். ஆனால் மகரத்துக்கு உடைய சனி உங்கள் மகளின் லக்னத்துக்கு ஏழில், கேந்திரத்தில் இருக்கிறார், அதனால் நீசத்தின் கெடுதல் நீங்கி நீசபங்கம் ஆகிறது. கூடவே குரு ஐந்தாம் இடத்திலிருந்து ஒன்பதாம் பார்வையாக லக்னத்தைப் பார்க்கிறார், அது பெரிய ஆறுதல். சனி ஏழில் இருப்பதைத் தாமதம் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள், 27 வரை வரன் அமையாததை அதோடு பொருத்திக்கொள்ளலாம்.

இரண்டாவது ஜோசியர் சொன்னது "காரகோ பாவ நாசாய" என்ற விதி. களத்திர காரகனான சுக்கிரன் களத்திர ஸ்தானத்திலேயே இருந்தால் அந்தப் பாவத்துக்குக் கெடுதல் என்பார்கள். ஆட்சி, உச்சத்தில் இருக்கும்போது இதைப் பொருத்தக் கூடாது என்று சொல்பவர்கள் நிறைய, நானும் அந்தப் பக்கம்தான். அப்படியே பொருத்தினாலும் இது ஒரு விதி, தீர்ப்பு இல்லை. இதற்காகப் பெரிய செலவில் பரிகாரம் என்றால் நான் செய்ய மாட்டேன், நீங்களும் அவசரப்பட வேண்டாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானதை இருவருமே தொடவில்லை: தசை. யோகம் தரும் கிரகத்தின் தசையோ, தசைக்குள் வரும் புத்தியோ நடக்கும்போதுதான் அதன் பலன் பேசும் என்பது சாஸ்திரத்தின் அடிப்படை. பிறக்கும்போது சந்திர தசை இருப்பு ஏழு வருஷம் என்று நகலில் போட்டிருக்கிறது. அப்புறம் செவ்வாய் 7, ராகு 18, ஆக 32 வயதுவரை ராகு தசை. பிறகு குரு 16, சனி 19, புதன் 17, கேது 7. கூட்டிப் பாருங்கள், சுக்கிர தசை தொடங்கும்போது உங்கள் மகளுக்கு 91 வயது! ராணி பட்டம் அவ்வளவு தாமதமாகவா? ஆனால் இப்போது நடப்பது ராகு தசையில் சுக்கிர புத்தி, மூன்று வருஷம், 28½ வயதுவரை இருக்கும். வரன் பேச அனுகூலமான காலம் என்று நிதானமான ஜோசியர் எவரும் சொல்வார். அதற்கடுத்த பெரிய மாற்றம் 32-இல் வரும் குரு தசை, அவர்தான் ஏழாம் அதிபதி, அதனால் இந்த ஜாதகத்தில் தாம்பத்தியத்தைப் பற்றிப் பேச சுக்கிரனைவிட குருவைத்தான் நான் அதிகம் பார்ப்பேன்.

இவ்வளவு சொன்னபிறகும் என்னிடம் "நன்றாக இருப்பாளா" என்று கேட்டால், "கல்யாணம் அமைய இப்போது அனுகூலம், சுக்கிரனிடம் பலமும் பலவீனமும் கலந்திருக்கிறது, மாப்பிள்ளையின் ஏழாம் இடமும் தசையும் பார்க்காமல் மேலே பேச முடியாது" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கல்யாணம் இரண்டு ஜாதகம், இரண்டு ஆள். பையன் குடிக்கிறானா, வேலை நிஜமா, வீட்டில் கோபம் எப்படி என்பதெல்லாம் எந்தக் கட்டத்திலும் எழுதியிருக்காது, நேரில் போய் விசாரிக்க வேண்டியவை.

கடைசியாக, பிறந்த நேரத்தைச் சரிபாருங்கள். ஆஸ்பத்திரியில் குறித்த நேரமா, யாரோ நினைவிலிருந்து சொன்னதா? லக்னம் கன்னியின் தொடக்கத்தில் இருந்து, நேரம் பத்து நிமிஷம் முன்னால் போனால் சிம்ம லக்னமாகி சுக்கிரன் எட்டில் விழுவார், மாளவ்ய யோகமே இருக்காது. ஜாதகம் கணித்தது வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதமா என்றும் கேளுங்கள், இரண்டிலும் பாகை ஒன்றாக வராது. சுக்கிரன் 10 பாகையைத் தாண்டினால் அம்சத்தில் கன்னி போய்த் துலாம் வரும், நீசம் ஆட்சியாகிவிடும். இந்த இரண்டு விவரமும் வந்ததும் மறுபடி எழுதுங்கள், வரனின் ஜாதகம் கையில் இருந்தால் அதையும் சேர்த்து அனுப்புங்கள்.