சம்பளத்தில் எட்டிப்பிடிப்பது வேறு, இழந்ததை மீட்பது வேறு

கேள்வி: எனக்கு 34 வயது. கணக்குப் பிரிவிலிருந்து தரவுப் பகுப்பாய்வுக்கு மாற நினைக்கிறேன். புதிய வேலையில் சம்பளம் 30 சதவீதம் குறைவு. ஆனால் ஆண்டுக்கு 15 சதவீதம் உயரும் என்கிறார்கள். இப்போதைய வேலையில் 5 சதவீதம்தான் உயர்கிறது. விட்ட பணம் எப்போது திரும்பும்?

பதில்: வரி போகக் கைக்கு வரும் உங்கள் ஆண்டுச் சம்பளத்தை 100 என்று வைத்துக்கொள்வோம். புதிய வேலையில் அது 70. அவர்கள் சொன்னபடியே உயர்ந்தால், ஐந்தாம் ஆண்டில் பழைய பாதை 121.6, புதிய பாதை 122.4. பலரும் இந்த இடத்தில் கணக்கை மூடிவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளில் 30, 24.5, 17.7, 9.3 என மொத்தம் 81.5 இழந்திருப்பீர்கள். இப்போதைய சம்பளத்தில் அது ஏறக்குறைய பத்து மாதப் பணம். அதன் பிறகு வரும் கூடுதல் வருமானம் அந்தப் பள்ளத்தை நிரப்ப எட்டாம் ஆண்டின் கடைசி மாதங்கள் ஆகிவிடும். பயிற்சிக் கட்டணமோ சம்பளமில்லாத இடைவெளியோ இருந்தால் அதையும் 81.5-உடன் கூட்டுங்கள்.

எனக்கு உறுத்துவது அந்த 15 சதவீதம்தான். அது 12 ஆகக் குறைந்தாலே பணம் திரும்புவது பதினோராம் ஆண்டுக்குத் தள்ளிப்போகிறது. வேலைக்கு எடுப்பவரின் வாய்வார்த்தையை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். அந்தத் துறைக்கு வந்து மூன்று ஆண்டுகள் ஆன நான்கைந்து பேரிடம், சேரும்போது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று கேளுங்கள். உங்களைப் போல வேறு துறையிலிருந்து வந்தவர்களாக இருக்கட்டும். படிப்பு முடித்து நேரே வந்தவர்களின் ஏற்றம் உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

இழப்பு 81.5 என்பதால் அவ்வளவு சேமிப்பு வேண்டுமென்று பயப்படவும் வேண்டாம். (இதைக் கேட்டுப் பின்வாங்கியவர்களைப் பார்த்திருக்கிறேன்.) வீட்டுச் செலவு 80 என்றும், அது ஆண்டுக்கு 5 சதவீதம் ஏறும் என்றும் கொண்டால், முதல் ஆண்டில் துண்டு விழுவது 10, இரண்டாம் ஆண்டில் 3.5. மூன்றாம் ஆண்டில் சம்பளமே செலவைத் தாங்கிவிடும். ஆக இரண்டு மாதச் செலவுக்கான பணம் போதும். அதை அவசரகால நிதியிலிருந்து எடுக்காமல் தனியாகச் சேர்த்துவிட்டு மாறுங்கள். மற்ற இழப்பெல்லாம் நீங்கள் சேமித்திருக்கக்கூடிய பணம். மாதத் தவணை எதையும் அது நிறுத்தாது.

எட்டு ஆண்டுகள் என்றால் உங்களுக்கு 42 வயது. அதற்குப் பிறகும் சம்பாதிக்க நிறையக் காலம் இருப்பதால் நான் மாறச் சொல்வேன். 50 வயதில் கேட்டிருந்தால் தயங்கியிருப்பேன். மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில் சம்பளம் 92-ஐ ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 85-க்குக் கீழே நின்றால் உயர்வு ஆண்டுக்கு 10 சதவீதம்கூட இல்லை என்று பொருள். அப்போது அதே துறையில் வேறு நிறுவனம் தேடத் தொடங்குங்கள்.