ஸ்ட்ரிப்பில் ரத்தம் இல்லை, மைக்ரோஸ்கோப்பில் இருக்கிறது

கேள்வி: தினமும் 1000 மி.கி. வைட்டமின் சி சாப்பிடுகிறேன். சிறுநீர் ஸ்ட்ரிப்பில் ரத்தம் நெகட்டிவ், மைக்ரோஸ்கோப்பில் 10-12 சிவப்பணு. எதை நம்புவது?

மைக்ரோஸ்கோப்பைத்தான். ரத்தம் இருந்தால் ஹீமோகுளோபின் உதவியால் ஸ்ட்ரிப்பில் உள்ள பெராக்சைடு சாயத்தோடு வினைபுரிந்து கட்டம் பச்சையாகும். சிறுநீரில் வெளியேறும் வைட்டமின் சி நடுவில் புகுந்து அந்த வினையைத் தானே வாங்கிக்கொள்ளும், நிறம் மாறாது. சர்க்கரைக் கட்டமும் இப்படித்தான் ஏமாறும்.

மாத்திரையை ஒரு நாளாவது நிறுத்திவிட்டு, காலையில் போகும் முதல் சிறுநீரைப் பிடித்துச் சூட்டோடு சூடாகக் கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடித்து நீர்த்துப்போனதில் (அடர்த்தி 1.005க்குக் கீழே) புரதம் தெரியாமல் போகும், சிவப்பணுவும் உடைந்துவிடும். அப்புறம், பிஎச் 8க்கு மேல் என்றால் புரதம் பொய்யாகவே பாசிட்டிவ் காட்டும்; அப்போது ஆய்வகத்தில் புரதம்-கிரியேட்டினின் விகிதம் பாருங்கள். சிவப்பணு மறுபடி தெரிந்தால், ஸ்ட்ரிப் என்ன சொன்னாலும் டாக்டரிடம் போய்விடுங்கள்.